பைப் லைனுக்குள் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது? உள்விட்டத்திலிருந்து கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிணறு, அதில் பங்குள்ள அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனின் தக்காளிக் கொல்லை கிணற்றை ஒட்டியே இருக்கிறது. தம்பியின் மாந்தோப்பு மேட்டில், எண்ணூறு மீட்டருக்கும் அப்பால். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மோட்டார் போட்ட நிமிடத்திலிருந்து முறை கணக்கு ஓடும். தம்பிக்கு அதில்தான் குறை. "பைப்பு நிரம்பவே கால் மணி நேரம் போயிடுது" என்பது அவர் கட்சி. "நான் கூடப் போய்ப் பாத்தேன், நாலே நிமிஷத்துல தண்ணி வந்துச்சு" என்பது அண்ணன் கட்சி.

சொட்டுநீர்க் குழாய் பொருத்துவது என் வேலை. அந்த லைனைப் போட்டவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் போனேன். கணக்கு ஐந்து நிமிடம்தான். அதில் போடும் எண்களைச் சரியாக எடுப்பதற்குத்தான் அரை நாள் ஆனது. அன்று செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சூத்திரம்

பைப் என்பது நீளமான உருளை. வாய்ப் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கொள்ளளவு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உள்விட்டத்தை மில்லிமீட்டரிலும் நீளத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டால், லிட்டர் நேராகவே வந்துவிடும்:

```
V = 0.000785 × d × d × L
```

d உள்விட்டம், L நீளம், V லிட்டர். போனில் எக்செல் வைத்திருப்பவர்கள் A2-வில் விட்டத்தையும் B2-வில் நீளத்தையும் போட்டு இதை எழுதலாம்:

```
=PI()*A2^2/4*B2/1000
```

கொல்லையில் நின்றுகொண்டு பேனாவும் தாளும் இல்லாமல் கணக்குப் போட எனக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. உள்விட்டம் எத்தனை இஞ்ச் என்று பாருங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, மூன்றால் பெருக்குங்கள். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு முழு பைப்பில் பிடிக்கும் லிட்டர் வந்துவிடும். உள்ளே சரியாக இரண்டு இஞ்ச் இருந்தால் 2 × 2 × 3, அதாவது 12 லிட்டர். உண்மைக் கணக்கு 12.16. நூற்றுக்கு ஒன்றே கால் அளவுதான் குறைவாகக் காட்டும். வாய்க்கணக்குக்கு இது போதும்.

ஆனால் அந்த "உள்விட்டம்" என்ற சொல்லில்தான் எல்லாரும் வழுக்குகிறோம்.

பைப் மேல் அச்சடித்திருப்பது உள்விட்டம் அல்ல

விவசாயத்துக்கு வாங்கும் பிவிசி பைப்பில் 63, 75, 90, 110 என்று மில்லிமீட்டர் எண் போட்டிருக்கும். அது வெளிவிட்டம். கடையில் கேட்கும்போது 63-ஐ இரண்டு இஞ்ச் என்போம், 75-ஐ இரண்டரை, 90-ஐ மூன்று, 110-ஐ நாலு. அந்த இஞ்ச் வெறும் கூப்பிடும் பெயர்தான். வெளியே அளந்தாலும் அது வராது, உள்ளே அளந்தாலும் பெரும்பாலும் வராது.

உள்விட்டம் சுவரின் கனத்தைப் பொறுத்தது. அதே 75 பைப்பை நாலு கிலோ, ஆறு கிலோ, பத்து கிலோ என்று அழுத்தத்துக்கு ஏற்றபடி விற்கிறார்கள். வெளிவிட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இல்லாவிட்டால் சாக்கெட்டும் எல்போவும் பொருந்தாது. கிலோ ஏற ஏறச் சுவர் உள்பக்கமாகத்தான் தடிக்கும். அதனால் பத்து கிலோ பைப்பில் நாலு கிலோ பைப்பைவிடக் குறைவாகவே தண்ணீர் பிடிக்கும். எச்டிபிஈ கருப்புக் குழாய்க்கும் வெளிவிட்டம்தான் பெயர். ஜிஐ பைப்பில் மட்டும் கதை வேறு. அங்கே சொல்லும் இஞ்ச் ஏறக்குறைய உள்ளே இருக்கும் ஓட்டையைக் குறிக்கும்.

தம்பியின் லைன் 75 பைப். லைன் போட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்று மோட்டார் கொட்டகை ஓரத்தில் கிடந்தது. அதில் வெர்னியர் வைத்தேன். சாக்கெட் ஊதியிருக்கும் முனையில் அளக்கக் கூடாது. அங்கே பைப்பைச் சூடாக்கி விரித்திருப்பார்கள், அளவு மாறியிருக்கும். மறுமுனையில், ரம்பம் அறுத்த பிசிறைக் கத்தியால் வழித்துவிட்டு அளந்தேன். வெளிவிட்டம் ஒரு வாட்டத்தில் 75.1, குறுக்கு வாட்டத்தில் 74.9. வெயிலில் அடுக்கி வைத்த பைப் கொஞ்சம் முட்டை வடிவமாகிவிடும். அதனால் இரண்டு வாட்டமும் அளந்து சராசரி எடுப்பது நல்லது. சுவர்க் கனம் நாலு இடத்தில் 1.9, 2.0, 2.0, 2.1. சராசரி 2.

உள்விட்டம் = 75 − 2 − 2 = 71 மில்லிமீட்டர்.

சுவரை இரண்டு தடவை கழிக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை மட்டும் கழித்து 73 என்று போட்டு, ஒருவருக்குத் தப்பான கணக்கு சொல்லியிருக்கிறேன். வெர்னியர் இல்லையென்றால் வெளிவிட்டத்துக்கு ஒரு நூல் போதும். பைப்பைச் சுற்றி நூலைப் பிடித்து, நீட்டி அளந்து, 3.1416-ஆல் வகுத்தால் வெளிவிட்டம். சுவர்க் கனத்துக்கு மட்டும் அளவுகோலை நம்ப முடியாது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட அது இரு பக்கமும் சேர்ந்து இரண்டாகிவிடும்.

விட்டத்தில் இவ்வளவு கறார் ஏன் என்றால், சூத்திரத்தில் அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. நீளத்தில் நூற்றுக்கு ஒன்று தவறினால் லிட்டரிலும் ஒன்றுதான் தவறும். விட்டத்தில் நூற்றுக்கு ஒன்று தவறினால் லிட்டரில் இரண்டு தவறும்.

71-ஐப் போட்டால் ஒரு மீட்டருக்கு 3.96 லிட்டர். அச்சடித்த 75-ஐ அப்படியே போட்டிருந்தால் 4.42 வந்திருக்கும். "இரண்டரை இஞ்ச்" என்ற பெயரை நம்பியிருந்தால் 3.17. ஒரே பைப்புக்கு மூன்று பதில்.

அண்ணனுக்கு வெர்னியர் மேல் நம்பிக்கை வரவில்லை. சரி என்று, அதே துண்டில் சரியாக ஒரு மீட்டர் அறுத்து, ஒரு முனையில் எண்ட் கேப் ஒட்டி, பசை காய்ந்ததும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். தம்பி மகன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றினான். மூன்று பாட்டில் முழுசாகப் போனது. நாலாவது பாட்டிலை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தான். பைப் வழியத் தொடங்கியபோது பாட்டில் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத் துண்டு கையில் இருந்தால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கேப்பை முழுக்கத் தள்ளி, அறுத்த வாய் கேப்பின் அடியைத் தொடும்படி ஒட்டினால் மட்டும் நீளம் சரியாக இருக்கும்.

நீளம்: பைப் எண்ணிக்கையை நம்பலாமா?

பில்லில் 140 பைப், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். பெருக்கினால் 840. ஆனால் ஒவ்வொரு பைப்பின் முனையும் அடுத்ததின் சாக்கெட்டுக்குள் போய்விடுகிறது. இந்த பைப்பில் உள்ளே போகும் அளவு 9 சென்டிமீட்டர் இருந்தது. ஆக ஒரு பைப் தரையில் கொடுக்கும் நீளம் 5.91 மீட்டர்தான். 140 × 5.91 = 827 மீட்டர். சாக்கெட் விழுங்கியதே இரண்டு பைப்புக்கு மேல்.

பில் தொலைந்து போனவர்கள் லைன் மேலேயே நடந்து டேப் பிடிக்கலாம், அல்லது போன் மேப்பில் அளக்கலாம். மேப் காட்டுவது தட்டையான தூரம். லைன் மேட்டில் ஏறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். எண்ணூறு மீட்டர் தூரத்தில் முப்பது மீட்டர் ஏறினாலும் கூடுதல் நீளம் அரை மீட்டர் சொச்சம்தான் வரும். லைன் வளைந்து போகும் இடங்களை நேராக இழுத்துவிடுவதுதான் மேப்பில் நடக்கும் பெரிய தப்பு.

இப்போது கணக்கு: 3.96 × 827 என்பது ஏறக்குறைய 3,275 லிட்டர்.

வழியில் பைப் அளவு மாறியிருந்தால், ஒவ்வொரு அளவுக்கும் தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். இரண்டு விட்டத்துக்கும் சராசரி எடுத்துப் போடக் கூடாது. வால்வு, எல்போவில் நிற்கும் தண்ணீர் இவ்வளவு நீள லைனில் கணக்கில் சேராது. பழைய லைனாக இருந்தால் உப்புப் படிவத்தை மட்டும் பாருங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்புத் தண்ணீர். சுவரைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் படிந்திருந்தால் 71 என்பது 68 ஆகிவிடும். கொள்ளளவில் நூற்றுக்கு எட்டு போய்விடும். ரிப்பேருக்கு எங்காவது அறுக்கும்போது உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

விட்டம் பெரிதானால் எண் எப்படி எகிறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஃபுளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கலிலிருந்து நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கூட்டுக் குடிநீர் வருகிறதே, அது போன்ற திட்டங்களில் பெரிய பெரிய குழாய்கள் போடுவார்கள். உள்விட்டம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 785 லிட்டர் நிற்கும். தம்பியின் முழு லைனில் நிற்கும் தண்ணீர் அதில் நாலே கால் மீட்டர்கூட நிரப்பாது.

லிட்டரை நிமிடமாக்குவது

சண்டை நேரத்தைப் பற்றியது. அதனால் மோட்டார் விநாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று தெரிய வேண்டும். அளவை மாந்தோப்பு முனையில், லைன் முழுக்க நிரம்பித் தண்ணீர் சீராக வர ஆரம்பித்த பிறகு எடுக்க வேண்டும். மோட்டார் மேல் எழுதியிருக்கும் எண் இங்கே உதவாது. ஏற்றமும் பைப் உராய்வும் சேர்ந்து அதை மாற்றிவிடும்.

200 லிட்டர் பேரல் ஒன்றை வைத்தோம். பேரல் விளிம்பு வரை நிரப்பினால் 200-க்கு மேலேயே பிடிக்கும். அதனால் முதலில் 20 லிட்டர் கேனால் பத்து தடவை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டோம். பிறகு அந்தக் கோடு வரை நிரம்பும் நேரம் பார்த்தோம்: 49, 51, 50 விநாடி. விநாடிக்கு 4 லிட்டர்.

3,275 ÷ 4 = 819 விநாடி. பதின்மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அச்சடித்த 75-ஐயும் 840 மீட்டரையும் போட்டிருந்தால் பதினைந்தரை நிமிடம் வந்திருக்கும். இரண்டரை இஞ்ச் என்று போட்டிருந்தால் பதினொன்று. வெறும் பெயரிலேயே நாலரை நிமிடம் வித்தியாசம்.

தம்பி முகத்தில் வெளிச்சம். அண்ணன் விடவில்லை. "நாலு நிமிஷத்துல வந்ததை என் கண்ணால பாத்தேன்." அவரும் பொய் சொல்கிறவர் இல்லை.

கணக்கு ஒன்று, கண்ணால் பார்த்தது ஒன்று

இந்த 13 நிமிடம் 40 விநாடி என்பது லைன் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும். பைப்பில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால், மோட்டார் போட்ட சில விநாடிகளில் அந்த முனையில் கொட்ட வேண்டும். கிணற்று மேட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருப்பதே அதற்காகத்தான். அது சரியாக மூடினால் மேட்டில் ஏறிய தண்ணீர் திரும்பாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது: எவ்வளவு பிடிக்கும் என்பது தெரிந்தது, எவ்வளவு காலியாகிறது?

இரண்டு தடவை சோதித்தோம். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்துவிட்டு, விடியற்காலை த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் போட்டோம். தோப்பு முனையில் தண்ணீர் வர 12 நிமிடம் 50 விநாடி. கணக்கைவிடக் கொஞ்சம் முன்னதாக வந்தது. அது சரிதான். காலி பைப்பில் ஆரம்பத்தில் ஏற்றம் குறைவு, மோட்டார் நாலு லிட்டருக்கு மேலேயே தள்ளும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு உள்விட்டத்தை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பிறகு மோட்டாரை நிறுத்தி, சரியாக ஒரு மணி நேரம் கழித்துப் போட்டோம். நாலே நிமிடம். அண்ணன் பார்த்தது இதைத்தான். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போய் வந்த பிறகு கூட நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். தம்பிக்கு முறை விழுவது பெரும்பாலும் விடியற்காலையில். இரண்டு பேருமே கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்த நாலு நிமிடத்தைத் திருப்பிப் பாருங்கள். 240 விநாடி, விநாடிக்கு 4 லிட்டர், ஆக 960 லிட்டர். ஒரு மணி நேரத்தில் லைனிலிருந்து அவ்வளவு தண்ணீர் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது. நிமிடத்துக்கு 16 லிட்டர். அந்த வேகத்திலேயே போனால் முழு லைனும் காலியாக மூன்றரை மணி நேரம் போதும். உள்ளே மட்டம் இறங்க இறங்கக் கசிவும் மெதுவாகும் என்பதால் நிஜத்தில் இன்னும் நேரமாகும், ஆனாலும் ஒரு ராத்திரி தாராளம்.

மோட்டார் நின்றதும் தோப்பு முனையில் உள்ளங்கையை வைத்து மூடிப் பார்த்தேன். கையை உள்ளே இழுத்தது. கிணற்று மேட்டில் குனிந்து கேட்டால் உள்ளே சளசளவென்று சத்தம். பைப் வெடித்து வழியில் எங்கோ கசிகிறது என்றால் இப்படிக் கிணற்றில் சத்தம் கேட்காது, வழியில் ஈரம் தெரியும். வால்வைக் கழற்றினோம். மூடும் தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் மூக்குத்தி அளவு சரளைக் கல் ஒன்று. ரப்பரில் அது பதிந்திருந்த குழியும் தெரிந்தது. ரப்பரை மாற்றிப் பூட்டினோம். அடுத்த நாள் விடியற்காலை மோட்டார் போட்டதும், தம்பி போனில் "வந்துடுச்சு" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த லைன் கிணற்றிலிருந்து ஒரே ஏற்றமாகப் போகிறது, அதனால் கணக்கு சுத்தமாக நின்றது. உங்கள் லைன் நடுவில் ஓடையில் இறங்கி ஏறினால் இரண்டு விஷயம் மாறும். வால்வு கசிந்தாலும் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும், லைன் முழுக்கக் காலியாகாது. நிரம்பும்போதும் இறக்கத்தில் தண்ணீர் பைப்பை நிரப்பாமலேயே அடியில் ஓடி முந்திப் போகும், மேட்டு உச்சியில் காற்று மாட்டிக்கொள்ளும். முனையில் தண்ணீர் துப்பித் துப்பி வந்தால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட லைனில் தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கொள்ளளவைச் சரிபார்க்க முடியாது. துப்பல் நின்று சீரான பிறகுதான் லைன் நிரம்பியதாக அர்த்தம்.

வால்வு சரியான பிறகும் அந்த 3,275 லிட்டர் வேண்டும்

முறைச் சண்டை தீர்ந்துவிட்டது. ஆனால் தம்பி கிணற்று மேட்டிலேயே வென்ச்சுரி வைத்து உரம் விடுகிறவர். அங்கே இந்த எண் வேறு விதமாக வேலை செய்யும்.

லைன் நிரம்பியிருந்தால் மோட்டார் போட்டதும் தோப்பில் தண்ணீர் வரும். ஆனால் அது ஏற்கெனவே பைப்பில் நின்ற தண்ணீர். கிணற்று மேட்டில் இப்போது கலந்த உரம், முன்னால் நிற்கும் 3,275 லிட்டரைத் தள்ளிவிட்டுத்தான் தோப்பைத் தொடும். சொட்டுநீர் ஓடும்போது ஓட்டமும் குறைகிறது. அவர் தோப்பில் அளந்தபோது விநாடிக்கு 3 லிட்டர்தான். 3,275 ÷ 3 = 1,092 விநாடி, பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். தோப்புக்குள் ஓடும் சின்னக் குழாய்களில் நிற்பது இதற்குப் பக்கத்தில் சொற்பம். உள்ளே 14 மில்லிமீட்டர் உள்ள குழாய் ஆயிரம் மீட்டர் ஓடினாலும் 154 லிட்டர்தான். ஆனால் அவற்றின் கடைசியில் ஓட்டம் மிகவும் மெதுவாக இருக்கும், அதனால் கடைக்கோடி மரத்துக்குக் கூடுதலாகச் சில நிமிடம் விடுங்கள்.

உரத் தொட்டி காலியானதும் மோட்டாரை நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. தம்பிக்கும் இருந்தது. அந்த நிமிடத்தில் கடைசிப் பதினெட்டு நிமிடத்துக்கான உரம் தோப்புக்குப் போகவில்லை, பைப்பில்தான் நிற்கிறது. தொட்டி காலியான பிறகு வெறும் தண்ணீரை இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். இத்தனை நாள் அந்த வால்வில் கல் மாட்டியிருந்ததல்லவா? நின்ற உரத் தண்ணீர் நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர் வீதம் கிணற்றுக்குத்தான் இறங்கியிருக்கிறது. அதே கிணற்றில்தான் இரண்டு வீட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். இப்போது வென்ச்சுரியைத் தோப்பு வாசலுக்கே மாற்றிவிட்டோம். அங்கிருந்து உரம் முதல் வரிசை மரத்துக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.